ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பதா, மாதாமாதம் அனுப்புவதா? ஊர்க்கடன் அடைக்க மூன்று வழிகள்

துபாய், ஷார்ஜா பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சம்பளம் வந்த வாரத்தில் கேட்கும் கேள்வி இது: "இப்ப அனுப்பவா, இன்னும் கொஞ்சம் ரேட் ஏறட்டுமா?" சேமிக்கத்தான் அனுப்புகிறார் என்றால் இரண்டில் எதைச் செய்தாலும் பெரிய மோசமில்லை. ஊரில் கடன் இருந்தால் கணக்கே வேறு. இங்கே ரேட் ஒரு பக்கம் நகர்கிறது, அங்கே வட்டி இன்னொரு பக்கம் ஓடுகிறது. இரண்டில் எது வேகமாக ஓடுகிறது என்று பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். ஓவர்டைம் சேர்த்து வரும் சம்பளத்தில் சாப்பாடு, போன் எல்லாம் போக மாதம் 1,500 திர்ஹம் மிஞ்சுகிறது. ஊரில் இரண்டு கடன். ஒன்று, அப்பா பெயரில் வங்கியில் 3 லட்சம். 12 சதவீத வட்டி, 36 மாதத் தவணை, மாதம் 9,964 ரூபாய். இன்னொன்று, விசாவுக்காகப் பக்கத்து ஊர்க்காரரிடம் புரோநோட்டு எழுதி 2 வட்டிக்கு வாங்கிய 1,50,000. அதற்கு மாதம் 3,000 ரூபாய் வட்டி. வீட்டுச் செலவுக்கு 10,000. எல்லாம் சேர்த்தால் ஊரில் மாதம் கட்டாயமாகத் தேவைப்படுவது ஏறக்குறைய 23,000 ரூபாய்.

கணக்கு எளிதாக இருக்க 1 திர்ஹம் 23 ரூபாய் என்று வைக்கிறேன். நீங்கள் போடும்போது அன்றைய ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். 23 ரூபாய் ரேட்டில் கட்டாயத் தேவைக்கு 1,000 திர்ஹம் போய்விடும். மீதி 500 திர்ஹத்தை என்ன செய்வது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ரேட் இறங்கிய மாதத்திலும் தவணை தேதியில் கட்டப்படுமா? கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அபராதம் மட்டும் இல்லை, அப்பாவின் சிபில் பதிவிலும் அது ஏறும். நாளைக்கு நகைக்கடனையோ வீட்டுக்கடனையோ நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது, பணம் சும்மா இருக்கும் நாட்களில் எவ்வளவு வட்டி ஓடுகிறது? இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரேட்டைப் பலகையில் பார்க்கலாம், வட்டி கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, அனுப்பும் செலவு. எக்ஸ்சேஞ்சில் ஒரு முறைக்கான கட்டணம் 20 திர்ஹம், அதன்மேல் 5 சதவீத வாட் என்று வைத்தால் 21 திர்ஹம், அதாவது 483 ரூபாய். ஆயிரம் அனுப்பினாலும் ஐயாயிரம் அனுப்பினாலும் ஏறக்குறைய இதே தொகைதான். "கட்டணமே இல்லை" என்று சொல்லும் ஆப்கள் பெரும்பாலும் ரேட்டில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் ரேட்டையும் கட்டணத்தையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டாம். "1,500 திர்ஹம் கொடுத்தால் வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?" என்ற ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் கேளுங்கள்.

நான்காவது, பணம் யார் கையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்பது. அறையில் இருக்கும் திர்ஹமும் கரையும், ஊர்க் கணக்கில் இருக்கும் ரூபாயும் கரையும். கரையும் விதம்தான் வேறு.

## வழி ஒன்று: மாதாமாதம் ஒரே ரூபாய்

ஊருக்கு 23,000 ரூபாய் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ரேட் 24 என்றால் 958 திர்ஹம் போதும். 22 என்றால் 1,045 ஆகும். மீதியைக் கையில் வைத்துக்கொள்கிறார்.

தவணை தவறாது என்பது இதன் பெரிய பலம். ரேட் ஏறுவதையும் இறங்குவதையும் இந்த ஆள் தன் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறார், வீட்டுக்கு அது தெரியவே தெரியாது. ஊரில் வரவு செலவு பார்ப்பவர் வயதான அப்பா என்றால் இந்த நிம்மதிக்கு விலை உண்டு.

ஆனால் 2 வட்டிக் கடனின் அசல் அப்படியே நிற்கிறது. வருடத்துக்கு 36,000 ரூபாய் வட்டி கட்டியும், வருடக் கடைசியில் 1,50,000 அப்படியே இருக்கும். இங்கே மாதம் மிஞ்சும் 500 திர்ஹமோ அறைத் தோழருக்குக் கைமாற்று, புதுப் போன், ஊருக்குப் போகும்போது வாங்கும் சாமான் என்று போகிறது. வருடத்துக்கு 6,000 திர்ஹம், முறையாகச் சேர்ந்திருந்தால் 1,38,000 ரூபாய். அது முழுதாகக் கையில் இருப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? வங்கித் தவணை மட்டும்தான் கடன், அதை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டு, வேலையும் அத்தனை உறுதியில்லை என்பவருக்கு. கம்பெனி ஆட்டம் காணும்போது இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் டிக்கெட்டுக்கும் திர்ஹம் கையில் இருப்பது புத்திசாலித்தனம். கடன் பத்திரத்தில் முன்கட்டண விதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். தனிநபர் கடன்களில் இது வங்கிக்கு வங்கி மாறும்.

## வழி இரண்டு: மாதாமாதம் ஒரே திர்ஹம்

சம்பளம் வந்ததும் 1,500 திர்ஹத்தையும் ஒரே தடவையாக அனுப்பிவிடுவது. ஊரில் எத்தனை ரூபாய் ஆகிறதோ ஆகட்டும். தவணை, வட்டி, வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 2 வட்டிக்காரரின் அசலுக்குப் போகும்.

23 ரேட்டில் 34,500 ரூபாய் ஆகிறது. அனுப்பும் கட்டணம் 483 போனால் 34,000. வங்கித் தவணையும் வீட்டுச் செலவும் போக ஏறக்குறைய 14,000 ரூபாய் 2 வட்டிக் கடனுக்குக் கிடைக்கும். முதல் மாதம் அதில் 3,000 வட்டி, 11,000 அசல். அடுத்த மாதம் வட்டி 2,780 ஆகிவிடும். இப்படிக் கட்டிக்கொண்டே போனால் 1,50,000 ரூபாய்க் கடன் பன்னிரண்டு மாதம் சொச்சத்தில் முடிந்துவிடும்.

ரேட் ஆட்டம் இதை எவ்வளவு கெடுக்கும் என்று போட்டுப் பார்த்தேன். காலம் முழுக்க ரேட் 22 ஆகவே இருந்தால் 14 மாதம் ஆகிறது. காலம் முழுக்க 24 என்றால் 11 மாதம். இத்தனை பேர் இத்தனை நாள் காத்துக்கிடக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம், அதுவும் வருடம் முழுக்க நிலைத்தால்கூட, கடனை ஒன்றிரண்டு மாதம்தான் முன்னும் பின்னும் தள்ளுகிறது.

இதிலும் பள்ளம் உண்டு. மிச்சமில்லாமல் 1,000 திர்ஹம் மட்டும் அனுப்ப முடிகிறவருக்கு ரேட் இறங்கினால் நேரடியாகத் தவணையில் துண்டு விழும். 2025 பிப்ரவரியில் டாலர் 88 ரூபாயை நெருங்கியது, மே மாதத் தொடக்கத்தில் 84க்கு வந்தது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் அதுவும் கூடவே 23.90 அளவிலிருந்து 22.90 அளவுக்கு இறங்கியது. மூன்று மாதத்துக்குள் ஆயிரம் திர்ஹத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு. அதனால் வீட்டுத் திட்டத்தை இன்றைய ரேட்டில் போடாமல், அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து கழித்துப் போடுங்கள். 23 என்றால் 22 என்று வைத்து, அதிலும் தவணை நிற்குமா என்று பாருங்கள்.

அடுத்த பள்ளம் வீட்டில் இருக்கிறது. 34,000 ஒரே கணக்கில் வந்து விழுந்தால் அது 34,000 ரூபாய்ச் செலவுள்ள வீடாக மெல்ல மாறும். யாரையும் குறை சொல்லவில்லை, பணம் கண்ணெதிரே இருந்தால் தேவையும் எதிரே வந்து நிற்கும். இதற்கு நான் சொல்வது இரண்டு கணக்கு. முழுப் பணமும் உங்கள் பெயரிலுள்ள என்ஆர்இ கணக்குக்குப் போகட்டும். அங்கிருந்து தவணைக்கு ஒரு நிலை உத்தரவு, வீட்டுக்கு 10,000க்கு இன்னொன்று. 2 வட்டிக்காரருக்குப் போவதை நீங்களே போனிலிருந்து அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கொடுத்ததற்குப் பதிவு இருக்கும், "வட்டிக்குத்தான் வரவு வைத்தேன்" என்ற பேச்சு பிறகு எழாது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு அசலுக்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடம் "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் புரோநோட்டைத் திரும்ப வாங்குவதையும் மறக்க வேண்டாம்.

## வழி மூன்று: சேர்த்து வைத்து, ரேட் ஏறும்போது அனுப்புவது

தவணைக்கு மட்டும் மாதம் 1,000 அனுப்பிவிட்டு, மீதி 500ஐ ஆறு மாதம் சேர்க்கிறார். 3,000 திர்ஹம். அதற்குள் ரேட் 23இலிருந்து 24க்கு ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். "மூவாயிரம் ரூபாய் லாபம்" என்பார்.

இப்போது மறுபக்கம். முதல் மாதமே அனுப்பியிருந்தால் 11,500 ரூபாய் அசலில் கழிந்து, அடுத்த ஐந்து மாதமும் அதற்கு மாதம் 230 ரூபாய் வட்டி மிச்சமாகியிருக்கும். இரண்டாம் மாதப் பணத்துக்கு நான்கு மாதம், மூன்றாவதற்கு மூன்று. கூட்டினால் 3,450 ரூபாய். ரேட்டில் கிடைத்தது 3,000, வட்டியில் போனது 3,450.

அந்த 3,000 லாபமும் முழு லாபம் இல்லை. ரேட் ஒரே நாளில் 24க்குத் தாவாது. மாதம் 20 பைசாவாக ஏறியிருந்தால், மாதாமாதம் அனுப்பியவருக்கும் 23.20, 23.40 என்று ஏறிய ரேட்தான் கிடைத்திருக்கும். அப்படிப் பார்த்தால் காத்திருந்தவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது வெறும் 1,500 ரூபாய். ரேட் ஏறாமல் 22.50க்கு இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் அடி.

இதையே ஒரு சின்ன அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் காத்திருப்பது கட்டுப்படியாக, கடனின் மாத வட்டி எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் ரேட் ஏற வேண்டும். 2 வட்டிக்கு, 23 ரூபாயில் மாதம் 46 பைசா. 3 வட்டிக்கு 69 பைசா. வருடம் 12 சதவீத வங்கிக் கடனுக்கு 23 பைசா.

அப்படி ஏறுமா? ரூபாய் கடுமையாகச் சரிந்த 2022ஐ எடுங்கள். ஜனவரியில் டாலர் 74 ரூபாய்ச் சொச்சம், அக்டோபரில் 83ஐத் தொட்டது. திர்ஹக் கணக்கில் 20.30 அளவிலிருந்து 22.60 அளவுக்கு, மாதத்துக்கு 25 பைசா. அன்றைய ரேட்டில் 2 வட்டிக்கு ஈடுகட்ட 40 பைசா வேண்டியிருந்தது. செய்தியில் தினம் அடிபட்ட அந்தச் சரிவிலேயே 2 வட்டிக் கடன்காரர் காத்திருந்து ஜெயித்திருக்க முடியாது.

2013 மட்டும் விதிவிலக்கு. மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68.80 வரை போனது. அந்த நான்கு மாதம் காத்திருந்தவருக்கு எந்த வட்டியையும் மிஞ்சிய லாபம்தான். ஆனால் அன்று அனுப்பாமல் "எழுபதைத் தொடட்டும்" என்று இருந்தவர்கள் அக்டோபரில் 62க்குக் கீழே பார்த்தார்கள். உச்சம் எது என்பது இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

இந்த வழிக்கும் நியாயமான இடம் உண்டு. மாமாவோ சித்தப்பாவோ வட்டியில்லாமல் கொடுத்த கைமாற்று என்றால், அவர் கேட்கும் தேதிவரை ரேட் பார்க்கலாம். இன்னொரு இடம், "அசலைச் சில்லறையாக வாங்க மாட்டேன், ஐம்பதாயிரமாகக் கொண்டு வா" என்று சொல்லும் வட்டிக்காரர். அங்கே நீங்கள் மாதாமாதம் அனுப்பினாலும் வட்டி குறையாது, ஆகவே காத்திருப்பதற்குத் தனி விலை இல்லை. சேர்க்கும் நான்கைந்து மாதத்துக்குத் திர்ஹமாகவே வைத்திருக்கலாம், அறைப் பெட்டியில் வேண்டாம், வங்கிக் கணக்கில். ஆனால் முதலில் அவரிடம் பேசிப் பாருங்கள். பத்தாயிரமாக வாங்கச் சம்மதித்தால் ஒரு வருடத்தில் கிடைக்கும் மிச்சம், எந்த ரேட்டும் தராதது.

## பக்கம் பக்கமாக

| | ஒரே ரூபாய் | ஒரே திர்ஹம் | சேர்த்து அனுப்புவது |
|---|---|---|---|
| தவணை தவறுமா | தவறாது | மிச்சம் குறைவானவருக்குத் தவறலாம் | தவணையைத் தனியே அனுப்பினால் தவறாது |
| 2 வட்டிக் கடனில் 6 மாதத்தில் | அசல் குறையாது | சுமார் 70,000 அசல் குறையும் | ஆறாம் மாதம்தான் குறையும், 3,450 வட்டி கூடுதல் |
| அனுப்பும் செலவு | மாதம் ஒன்று | மாதம் ஒன்று | மாதம் ஒன்று, கடைசியில் இன்னொன்று |
| மறைந்திருக்கும் செலவு | மீதித் திர்ஹம் கரையும் | வீட்டுச் செலவு கூடும் | ஓடும் வட்டி, தவறவிட்ட உச்சம் |
| யாருக்கு | வங்கித் தவணை மட்டும் உள்ளவர், வேலை உறுதியில்லாதவர் | வட்டிக் கடன் உள்ளவர் | வட்டியில்லாக் கைமாற்று, மொத்தமாக மட்டும் வாங்கும் கடன்காரர் |

அனுப்பும் செலவு வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 500 திர்ஹத்தைத் தனியாக அனுப்பினால் கட்டணம் 483 ரூபாய், அதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஆகும் வட்டி 230 ரூபாய். ஆகவே தனியாக அனுப்புவது நட்டம், தவணைப் பணத்தோடு சேர்த்து ஒரே ரசீதில் அனுப்புவதுதான் கணக்கு. ரேட் நன்றாக இருக்கிறது என்று மாதத்தில் மூன்று தடவை எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்பவர் கட்டணத்துக்கே உழைக்கிறார்.

உண்டியல் பற்றியும் கேட்பீர்கள். ரேட் கூடுதல், பணம் வீட்டு வாசலுக்கே வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தியாவில் அது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பு, பணம் நடுவழியில் நின்றால் எங்கும் போய்க் கேட்க முடியாது. கடன் கட்டுகிறவருக்கு வங்கிப் பதிவே ஆயுதம் என்பதால் இதை ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை.

## நம் எலக்ட்ரீஷியன் என்ன செய்யலாம்

இரண்டாவது வழிதான், ஒரு திருத்தத்தோடு. முதல் இரண்டு மாதம் மிஞ்சும் பணத்தில் 13,000 ரூபாயை என்ஆர்இ கணக்கில் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு தவணையும் ஒரு மாத வட்டியும் சேர்ந்த தொகை அது. ரேட் இறங்குவதைவிட இவர் அதிகம் பயப்பட வேண்டியது சம்பளம் பத்து நாள் தள்ளிப் போவதைத்தான். ரேட் ஐந்து சதவீதம் இறங்கினால் துண்டு விழுவது ஆயிரம் சொச்சம் ரூபாய், சம்பளம் தள்ளிப் போனால் முழுத் தவணையும். தவணைத் தேதி 5 என்றிருந்தால் அதை 10 அல்லது 15க்கு மாற்ற முடியுமா என்று அப்பாவை வங்கியில் விண்ணப்பிக்கச் சொல்லலாம். சம்பளம் வந்து, ஊரில் ஏற இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும்.

வீட்டில் சும்மா இருக்கும் நகை இருந்தால் இதைவிடப் பெரிய வாய்ப்பு அங்கே இருக்கிறது. 1,50,000க்கு 2 வட்டி என்றால் அசல் குறையாத நிலையில் வருடம் 36,000. அதையே வருடம் 10 சதவீத நகைக்கடனாக வங்கியில் மாற்றினால் 15,000. மாதம் அதே 14,000 கட்டினால் கடன் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிகிறது, ரேட் வருடம் முழுக்க ஒரு ரூபாய் ஏறி இருந்தால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்டச் சமம். ரேட் நம் கையில் இல்லை, இது இருக்கிறது. நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு, அது தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும் என்பதை மட்டும் நாட்காட்டியில் எழுதி வைக்க வேண்டும்.

மலேசியாவில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது, ரூபாய் டாலருக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் இறங்கியே வந்திருக்கிறது, அதனால் வளைகுடாவில் காத்திருப்பவருக்கு வட்டிதான் பகை, திசை பெரும்பாலும் நட்பு. ரிங்கிட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. 2014 நடுவில் 1 ரிங்கிட் 19 ரூபாயை ஒட்டி இருந்தது, 2015 செப்டம்பரில் 15 ரூபாய்க்கு அருகில் வந்தது. ஆயிரம் ரிங்கிட் அனுப்பியவருக்கு ஒரு வருடச் சொச்சத்தில் நாலாயிரம் ரூபாய் குறைந்தது. அங்கே இருப்பவர் திட்ட ரேட்டுக்கு ஐந்து சதவீதம் கழித்தால் போதாது, பத்துக்கு மேல் கழிக்க வேண்டும். ஊர்க் கணக்கில் நிறுத்தி வைக்கும் தவணையும் ஒன்றுக்குப் பதில் இரண்டாக இருக்கட்டும்.